பத்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வந்து நிற்பவர்

அன்புள்ள தம்பிக்கு,

நீ கேட்டதற்கு வாட்ஸ்அப்பில் நாலு வரி போட்டால் போதாது, அதனால் இங்கேயே எழுதுகிறேன், காப்பிக்கடைகளில் இரவு ஷிப்ட் பார்க்கிற வேறு யாராவது படித்தாலும் நல்லதுதான். "மூடப்போற நேரத்துல ஒருத்தர் வந்து நின்னா வாய் வாங்கன்னு சொல்லுது, முகம் சொல்ல மாட்டேங்குதுக்கா, மத்தியானத்துலேர்ந்து கல்லு முன்னாடி நிக்கிறேன்" என்றாய். பரோட்டாக் கடையில் நானும் பல வருஷம் நின்றிருக்கிறேன், அந்த நேரத்தில் குதிகால் எப்படி எரியும், மாவு வீசி வீசி மணிக்கட்டு எப்படி இருக்கும் என்று தெரியும். அந்த நிலைமையில் உன்னைச் சிரி என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆனால் ஒன்றை யோசித்துப் பார். அதே களைப்போடுதான் ஒன்பது மணிக்கும் நின்றாய், அப்போது வந்தவரிடம் நன்றாகத்தானே பேசினாய்? அவருக்கும் ஒன்பது ஐம்பதுக்கு வருகிறவருக்கும் நடுவில் மாறியது உன் களைப்பு இல்லை, கல். நீ கல்லைக் கழுவிவிட்டாய்.

கடைசியாக வருகிறவர் மேல் நமக்கு எரிச்சல் வருவதற்கு முக்கியமான காரணம், முடித்த வேலையை அவர் திரும்பச் செய்ய வைப்பதுதான். சூடான கல்லில் தண்ணீரை ஊற்றிச் சுரண்டி, துடைத்து, எண்ணெய் தடவிவிட்டால் அன்றைய கடை அங்கேயே முடிந்துவிடுகிறது, கதவில் என்ன நேரம் எழுதியிருந்தாலும் சரி. அதற்குப் பிறகு எதுவும் சேர்க்காத ஒரு கோசோங் பரோட்டா கேட்டாலும் கனமான இரும்பு மறுபடி சூடேற பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும், பிறகு திரும்பவும் கழுவ வேண்டும். கல் சூடாக இருந்திருந்தால் அதே பரோட்டா மூன்று நான்கு நிமிடத்தில் தட்டுக்கு வந்திருக்கும். அதனால் மூடும் வேலையின் வரிசையை மாற்று என்றுதான் முதலில் சொல்வேன். தண்ணீர் ஊற்றுவது பத்து மணிக்கு, அதற்கு ஒரு நிமிடம் முன்னால்கூட இல்லை. ஒன்பதரைக்கு உங்கள் பெரிய கல்லில் ஒரு பக்கத்து பர்னரை மட்டும் அணைத்து, அந்தப் பாதியைச் சூடு தணியும்போதே சுரண்டி வை, தண்ணீர் வேண்டாம். மற்ற பாதி எரியட்டும். ஒரு ஆளுக்கு, இரண்டு ஆளுக்கு அந்தப் பாதி தாராளமாகப் போதும்.

குழம்பையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். பெரிய பானையைக் கழுவத்தான் அதிக நேரம் பிடிக்கும் என்பது உனக்கே தெரியும், அதைக் கடைசிவரை வைத்திருந்தால் யார் வந்தாலும் பானை ஞாபகம்தான் வரும். ஒன்பதே காலுக்கே மிச்சமிருக்கிற பருப்புக் குழம்பையும் மீன் குழம்பையும் தனித்தனியாகச் சின்னப் பாத்திரத்துக்கு மாற்றி, குறைந்த தீயில் வைத்துவிட்டு, பெரிய பானைகளைக் கழுவிக் கவிழ்த்துவிடு. தீயை மட்டும் அணைத்துவிடாதே. சூடாகப் பரிமாறும் உணவு 60 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும் என்று சிங்கப்பூர் உணவு அமைப்பு சொல்கிறது, மூடும் நேரத்தில் பல கடைகளில் தவறுவது இங்கேதான். கடைசியாக வந்தவருக்கு ஆறின குழம்பை ஊற்றிக் கொடுத்தால், எவ்வளவு அன்பாகப் பேசினாலும் அவரை மதிக்கவில்லை என்றுதான் அர்த்தம், வயிற்றுக்கும் ஆகாது. கரண்டி விட்டுக் கிளறும்போது ஆவி எழும்பவில்லை என்றால் திரும்பக் கொதிக்க வைத்துக் கொடு, சின்னப் பாத்திரம் என்பதால் சீக்கிரமே கொதித்துவிடும்.

இனி ஒருவர் வருகிறார் என்று வை. மணி ஒன்பது ஐம்பது. மருத்துவமனையில் மாலை ஷிப்ட் முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கி வருகிற ஒரு நர்ஸ் அக்கா, பை தோளில், காலில் இன்னும் வேலைக்குப் போட்ட ஷூ. கடைக்குக் கொஞ்ச தூரத்திலேயே நடை தயங்கும், கண் முதலில் உன் கல்லைப் பார்க்கும், அப்புறம் விளக்கை. கடை இருக்கிறதா இல்லையா என்று அவர் கேட்பதற்கு முன்னால் நீ பேசிவிட வேண்டும். "வாங்கக்கா, கோசோங் இருக்கு, முட்டை இருக்கு, மர்த்தபா முடிஞ்சிருச்சு. பத்து மணிக்குத்தான் மூடுறோம், சாப்பிட்டே போகலாம்." இவ்வளவுதான். என்ன இருக்கிறது, என்ன இல்லை, எவ்வளவு நேரம் இருக்கிறது என்று மூன்றும் முதல் மூச்சிலேயே வந்துவிட்டதால் அவர் பலகையைப் பார்த்து யோசித்துக்கொண்டு நிற்க மாட்டார், நீயும் மனசுக்குள் மணி பார்த்துக்கொண்டு நிற்க மாட்டாய். மர்த்தபா இல்லை என்பதை அவர் கேட்ட பிறகு சொன்னால் அது மறுப்பு மாதிரி விழும், நீயாக முந்திச் சொன்னால் வெறும் தகவல்.

அவர் முட்டை ஒன்று, கோசோங் ஒன்று என்கிறார். எண்ணெயில் ஊறிக்கிடக்கிற கடைசி உருண்டைகளில் இரண்டை எடுத்து வீசுகிறாய், ஒன்பது ஐம்பத்தாறுக்குத் தட்டு அவர் கையில். காப்பிக்கடையில் நமக்கு ஒரு வசதி உண்டு, மேசைகள் நம்முடையவை இல்லை. தே, காப்பி விற்கிற தண்ணீர்க் கடை நமக்குப் பிறகும் திறந்திருந்தால் அவர் பத்தேகால்வரை உட்கார்ந்து சாப்பிட்டாலும் உன் வேலை நிற்காது, தட்டையும் அவரே கொண்டுபோய் வைத்துவிடுவார். "மெதுவா சாப்பிடுங்கக்கா, நாங்க உள்ள கழுவிக்கிட்டு இருப்போம்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு, இல்லையென்றால் தண்ணீர்ச் சத்தம் கேட்டதும் அவசர அவசரமாக விழுங்குவார். அவர் நிற்கும்போது கல்லாப்பெட்டிக் காசை எண்ண ஆரம்பிக்காதே. வாய் வாங்க என்று சொல்ல, கை போங்க என்று சொல்லும்.

சரி, எல்லோருக்கும் ஆமாம் சொல்ல முடியாது. ஒன்பது ஐம்பத்தைந்துக்கு வந்து பன்னிரண்டு பரோட்டா கட்டித் தரச் சொன்னால் பாதிக் கல்லில் அது நடக்காது. "நாலு உடனே போட்டுத் தரேண்ணே, அதுக்கு மேல இன்னைக்கு முடியாது" என்று எண்ணிக்கையோடு சொல். பலர் நாலை வாங்கிக்கொண்டு போவார்கள். டெலிவரி செயலியை ஒன்பதே முக்காலுக்கே நிறுத்திவிடு, மூடின கடை முன்னால் வந்து நிற்கிற ஓட்டுநர் தம்பியும் கடைசி நேரத்தில் வந்தவர்தான், ஆனால் அவரை வரவழைத்தது நீ. பத்து மணிக்கு மேல் வருகிறவரிடம் மூடிவிட்டோம் என்று கையசைத்து அனுப்பாமல், காலையில் எத்தனை மணிக்குத் திறக்கிறோம், அந்த நேரத்தில் பக்கத்து புளோக்கில் எந்தக் கடை இருக்கிறது என்று சொல்லி அனுப்பு.

இத்தனையும் செய்தும் முகம் இறுகுகிறது என்றால் நீ எப்போது சாப்பிட்டாய் என்று பார். கடை மூடிய பிறகு சாப்பிடுகிற பழக்கம் நம் ஆட்களிடம் நிறைய. மாலை ஆறு மணிக்கு ஒரு தே குடித்ததோடு பத்துவரை நிற்கிறவனுக்குப் பசியும் களைப்பும் ஒன்றாகச் சேர்ந்து கோபமாகத்தான் வெளியே வரும். எட்டரைக்குக் கூட்டம் தணியும்போது பத்து நிமிடம் உட்கார்ந்து சாப்பிடு, உன்னோடு நிற்கிற தம்பியையும் மாற்றி உட்கார வை.

கடைசியாக முதலாளியிடம் பேச வேண்டிய விஷயம். பத்து மணிவரை விற்பனை என்றால் கழுவி முடிக்கப் பத்தரை ஆகும், அந்த அரைமணி உன் ஷிப்டுக்குள் இருக்க வேண்டும். ஷிப்டே பத்து மணிக்கு முடிகிறது என்று போட்டிருந்தால் கல்லை ஒன்பதரைக்குக் கழுவத்தான் எவனுக்கும் தோன்றும், அதில் உன்மேல் தப்பு இல்லை. ஒன்று, ஷிப்டைப் பத்தரைவரை நீட்டச் சொல். இல்லை, அதைக் கூடுதல் நேரமாகக் கணக்கில் எழுதச் சொல், வேலை நியமனச் சட்டத்தின் சம்பள வரம்புக்குள் வருகிறவர்களுக்குக் கூடுதல் நேரத்துக்கு ஒன்றரை மடங்கு கொடுக்க வேண்டும். மாதக் கடைசியில் அட்டவணை போடுவதற்கு முன்னால் கேள், போட்ட பிறகு மாற்றுவது அவருக்கும் கஷ்டம். தனியாகக் கேட்கக் கூச்சமாக இருந்தால் சொல், நான் அவரிடம் பேசுகிறேன்.

அன்புடன்,
அக்கா