பழைய ஏஐ அறிக்கையில் முதலில் தேதியைப் பாருங்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். எங்களிடம் ஆய்வேடு மெய்ப்புக்கும் பைண்டிங்குக்கும் கொடுக்கும்போது, எழுத்தில் எவ்வளவு விழுக்காடு இயந்திரம் எழுதியதுபோலத் தெரிகிறது என்று சொல்லும் ஏஐ சோதனை அறிக்கையும் கூடவே வாங்கிப் போனவர்கள் உங்களில் பலர். அந்த அறிக்கைகளில் சில இப்போது மூன்று வயதை நெருங்குகின்றன. அவற்றை எப்படி வாசிக்க வேண்டும் என்று சொல்லத்தான் இந்த மடல். ஒரு மாணவிக்கு நேர்ந்ததைப் பார்த்த பிறகு இதை இனியும் தள்ளிப்போடக் கூடாது என்று தோன்றிவிட்டது.

போன மாதம் ஒரு நெறியாளர் தன் மாணவியோடு வந்தார். 2023 ஆகஸ்டில் நாங்கள் கொடுத்த அறிக்கையில் மாணவியின் ஆய்வேட்டு இரண்டாம் இயலுக்கு 4 விழுக்காடு என்று இருந்தது. சமர்ப்பிப்பதற்கு முன் புது அறிக்கை வேண்டும் என்று கல்லூரியில் கேட்டிருக்கிறார்கள். அதே கோப்பை, அதே கருவியில் போட்டோம். 57 விழுக்காடு என்று வந்தது. ஒரு எழுத்துகூட மாறவில்லை. அந்தப் பெண் முகம் வெளிறி நின்றார். நெறியாளர் கேட்டது ஒரே கேள்விதான்: "இதில் எதை நம்புவது?"

நல்லவேளையாக அவர் தன் மின்னஞ்சலைத் தேடிப் பார்த்தார். அந்த இயலின் முதல் வரைவை மாணவி 2021 அக்டோபரில் அனுப்பியிருந்தார். சாட்ஜிபிடி வெளியானது 2022 நவம்பர் 30. அந்தப் பழைய வரைவையே கருவியில் போட்டோம். அதற்கும் 50-ஐத் தாண்டித்தான் வந்தது. ஆக, அவருடைய இயலைப் பொறுத்தவரை தவறியது புதிய எண்தான். ஆனால் இதை வைத்துப் பழைய அறிக்கைகள் எல்லாம் சரி என்று முடிவுகட்டிவிட முடியாது. அது ஏன் என்று சொல்ல வேண்டுமானால், இந்தக் கருவி எதைப் பார்க்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

"காலையில் எழுந்ததும் ஒரு டம்ளர்" என்று நான் எழுதி நிறுத்தினால், அடுத்த சொல் காபி என்றோ தண்ணீர் என்றோ நீங்களே சொல்லிவிடுவீர்கள். "வேப்பெண்ணெய்" என்று யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். சாட்ஜிபிடி போன்றவற்றுக்குள் இருந்து எழுதும் மொழி மாதிரி செய்வதும் இதைத்தான். ஒவ்வொரு இடத்திலும் அடுத்து வரக்கூடிய சொற்களை வரிசைப்படுத்தி, பெரும்பாலும் வரிசையின் மேல்பகுதியிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்கிறது. மனிதர்கள் அவ்வப்போது வேப்பெண்ணெயையும் எழுதுவோம். 2019-இல் எம்ஐடி-ஐபிஎம் ஆய்வகத்தினரும் ஹார்வர்டினரும் செய்த ஜிஎல்டிஆர் என்ற கருவி இதைக் கண்ணுக்குத் தெரியும்படி காட்டியது. எதிர்பார்ப்பு வரிசையில் முதல் 10-க்குள் இருக்கும் சொல்லுக்குப் பச்சை, 100-க்குள் மஞ்சள், 1000-க்குள் சிவப்பு, அதற்கும் அப்பால் ஊதா. அன்றைய மொழி மாதிரியான ஜிபிடி-2 எழுதிய பத்தியைப் போட்டால் பக்கமே பச்சை வயல் மாதிரி தெரியும். மனிதர் எழுதியதில் சிவப்பும் ஊதாவும் தூவியிருக்கும்.

இதில் கவனிக்க வேண்டியது, அந்த வரிசையை யார் போடுகிறார்கள் என்பதை. ஜிஎல்டிஆர் வரிசை போட்டது ஜிபிடி-2-ஐ வைத்துத்தான். அளவுகோல் அதுவே. பின்னால் வந்த மாதிரிகள் அதைவிட அதிகம் படித்தவை. மனிதர்களின் விருப்பத்தைக் கேட்டுக் கேட்டுப் பழக்கப்படுத்தப்பட்டவை. இரண்டாம் ஆண்டு மாணவர் மாதிரி எழுது என்றால் அப்படியும் எழுதுபவை. அவை எடுக்கும் சொல் பழைய அளவுகோலுக்குப் பல சமயம் வேப்பெண்ணெயாகவே தெரியும். உடனே அது "மனிதர் எழுதியது" என்று சொல்லிவிடும்.

இன்னொரு வகைக் கருவி, மனித எழுத்தையும் இயந்திர எழுத்தையும் ஆயிரக்கணக்கில் காட்டிப் பழக்கப்படுத்தப்பட்டது. இதற்கும் நிலைமை அதேதான். 2019 நவம்பரில் ஓபன்ஏஐ நிறுவனம் ஜிபிடி-2-க்காக அப்படி ஒன்றை வெளியிட்டது. ஜிபிடி-2-இன் மிகப் பெரிய வடிவம் எழுதியதில் ஏறக்குறைய 95 விழுக்காட்டை அது பிடித்தது. இதை மட்டும் வைத்து முடிவெடுக்கப் போதாது என்று அவர்களே அப்போது சொன்னார்கள். 2023 ஜனவரி 31 அன்று, பல மாதிரிகளின் எழுத்தைக் காட்டிப் பழக்கிய புதுக் கருவி ஒன்றை அவர்களே கொண்டுவந்தார்கள். அவர்கள் வைத்த சோதனையில் அது இயந்திர எழுத்தில் 26 விழுக்காட்டைத்தான் பிடித்தது. மனிதர் எழுதியதில் 9 விழுக்காட்டைத் தவறாகக் குறித்தது. துல்லியம் போதவில்லை என்று சொல்லி அதே ஆண்டு ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். மாதிரியைச் செய்தவர்களுக்கே ஆறு மாதம்கூடத் தாங்கவில்லை.

சரி, கருவி பழசானால் என்ன ஆகிறது என்பதை ஒரு கணக்காகப் பார்க்கலாம். எண்கள் கணக்குக்காக நாங்கள் வைத்துக்கொண்டவை, யாருடைய ஆய்வு முடிவும் அல்ல.

200 கட்டுரைகள் வருகின்றன. 40 இயந்திரம் எழுதியவை, 160 சொந்தமாக எழுதியவை. கருவி புதிதாக இருக்கும்போது அந்த 40-இல் 36-ஐப் பிடிக்கிறது. சொந்தமாக எழுதிய 160-இல் 8-ஐத் தவறாகப் பிடிக்கிறது. "இயந்திரம்" என்று வந்த அறிக்கைகள் மொத்தம் 44. அவற்றில் 8 பிழை, அதாவது ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு. "சுத்தம்" என்று வந்தவை 156. அவற்றில் தப்பியவை 4.

இப்போது புது மாதிரி வந்துவிட்டது, கருவி மட்டும் பழசு. 40-இல் 16-ஐத்தான் பிடிக்கிறது. மனிதர்கள் எழுதும் விதம் மாறவில்லை, அதனால் அந்த 8 அப்படியே இருக்கிறது. "சுத்தம்" என்று வந்தவை 176. அவற்றில் 24 இயந்திரத்துடையவை, ஏறக்குறைய ஏழில் ஒன்று. இதை எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். எதிர்பார்க்காதது மறுபக்கம் நடப்பது. "இயந்திரம்" என்று வந்தவை 24. அவற்றில் 8 பிழை. மூன்றில் ஒருவர் குற்றமில்லாதவர்! தவறாகப் பிடிபட்டவர்களின் எண்ணிக்கை ஒன்றுகூடக் கூடவில்லை. சரியாகப் பிடிபட்டவர்கள் குறைந்துபோனார்கள், அவ்வளவுதான். "பழைய கருவி தவறவிடும், ஆனால் பிடித்தால் சரியாகத்தான் இருக்கும்" என்று எங்களிடம் பலர் சொல்கிறார்கள். இந்தக் கணக்கைப் பார்த்த பிறகு தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள்.

அப்புறம், கருவியைப் புதுப்பித்தால் சரியாகிவிடாதா என்று கேட்பீர்கள். ஓரளவு சரியாகும். ஆனால் புது மாதிரிகள் மனித எழுத்தை நெருங்க நெருங்க, மனிதர், இயந்திரம் என்று பிரிக்கும் கோட்டை நகர்த்தும்போது சில மனித எழுத்தும் இயந்திரத்தின் பக்கம் போய்விடுகிறது. பெரும்பாலும் போவது, ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்று, பிழை வந்துவிடக் கூடாதே என்று பழகிய சொற்களிலேயே எழுதுபவர்களின் எழுத்து. 2023-இல் ஸ்டான்ஃபோர்டில், ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்கள் டோஃபல் தேர்வுக்காக எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கருவிகளில் போட்டுப் பார்த்தார்கள். சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்டவற்றை இயந்திரம் எழுதியது என்று அவை சொல்லின. எங்களிடம் வந்த மாணவியின் இரண்டாம் இயலும் அந்த ரகம்தான். முன்னாய்வுத் தொகுப்பு, வரையறைகள், "இந்த ஆய்வு இதைக் கண்டறிந்தது" என்று ஒரே அச்சில் வார்த்த வாக்கியங்கள். வேப்பெண்ணெய்க்கு அதில் இடமே இல்லை.

இனி உங்கள் கையில் இருக்கும் பழைய அறிக்கைக்கு வருவோம். "4 விழுக்காடு" என்றால், அன்றைக்கு அந்தக் கருவிக்குத் தெரிந்த மாதிரிகளின் சாயல் இதில் அவ்வளவுதான் தெரிந்தது என்று பொருள். "இதை மனிதர் எழுதினார்" என்ற சான்றிதழ் அல்ல அது. அதனால் அறிக்கையின் தேதியை, பிரதி எழுதப்பட்ட தேதியோடு சேர்த்துப் பாருங்கள். கருவி கடைசியாகப் புதுப்பிக்கப்பட்டதற்குப் பிறகு வந்த மாதிரியை வைத்து எழுதியிருக்க வாய்ப்புள்ள பிரதி என்றால், அந்த 4-க்கு மதிப்பு மிகக் குறைவு. பிரதி 2022-க்கு முந்தையது என்று வரைவோ மின்னஞ்சலோ காட்டுமானால், எந்த அறிக்கையையும்விட அந்தத் தேதிதான் பெரிய சான்று. பழைய 4-ஐயும் புதிய 57-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடவே வேண்டாம். பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருப்பது வேறு கருவி. கல்லூரிகள் பயன்படுத்தும் டர்னிடின் என்ற சோதனைக் கருவிகூட 20 விழுக்காட்டுக்குக் கீழே எண்ணைக் காட்டாமல் நட்சத்திரக் குறி மட்டும் போடும் முறைக்கு மாறிவிட்டது. அங்கே தவறாகக் குறிப்பது அதிகம் என்பதுதான் காரணம். பழைய அறிக்கையில் "12" என்று இருந்து, அதற்காக யாராவது விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்திருந்தால், அது நியாயமே இல்லை.

ஒப்புமை அறிக்கையோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறோம். யுஜிசியின் 2018 விதிகளில் வரும் 10 விழுக்காடு, பிற பிரதிகளோடு ஒத்துப்போவதற்கான வரம்பு. அதில் எந்த வரி எங்கிருந்து வந்தது என்று மூலத்தைத் திறந்தே பார்க்கலாம். அது ஆண்டுகள் கழித்தும் நிற்கும். ஏஐ விழுக்காட்டுக்குத் திறந்து பார்க்க மூலம் கிடையாது.

எங்கள் பக்கம் இனி இப்படிச் செய்யப்போகிறோம். ஒவ்வொரு அறிக்கையின் முதல் பக்கத்திலும் கருவியின் பெயர், பதிப்பு, சோதித்த தேதி, சோதித்த பகுதியின் சொல் எண்ணிக்கை நான்கும் இருக்கும். "மனிதர் எழுதியது" என்ற முத்திரையை எடுத்துவிட்டோம். அதை முதலிலேயே போட்டிருக்கக் கூடாது, அது எங்கள் தவறு. 300 சொற்களுக்குக் குறைவான பிரதிக்கு அறிக்கை தர மாட்டோம். தமிழ்ப் பிரதிகளுக்கும் தர மாட்டோம். நாங்கள் வைத்திருக்கும் கருவிகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் பழகியவை, தமிழுக்கு அவை தரும் எண்ணுக்கு எங்களால் பொறுப்பேற்க முடியாது.

எங்களிடம் வாங்கிய பழைய அறிக்கையை வைத்து யார் மீதாவது நடவடிக்கை நடந்துகொண்டிருந்தால், அறிக்கையையும் கோப்பையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். அந்த எண்ணின் வரம்பை எங்கள் கடைத் தாளிலேயே கடிதமாக எழுதித் தருகிறோம். அதற்குக் கட்டணம் கிடையாது. வரும்போது பழைய வரைவுகள், நெறியாளர் திருத்திய தாள்கள், வேர்டு கோப்பின் பதிப்பு வரலாறு என எது கிடைத்தாலும் கொண்டுவாருங்கள். அந்த மாணவிக்கு உதவியது 2021 அக்டோபர் மின்னஞ்சலும், நெறியாளர் சிவப்பு மையில் ஓரத்தில் எழுதிய குறிப்புகளும்தான். அவற்றை நகலெடுத்து, எங்கள் கடிதத்தோடு சேர்த்துக் கல்லூரிக்குக் கொடுத்திருக்கிறோம். பதிலுக்குக் காத்திருக்கிறோம்.

அன்புடன்,
மெய்ப்பு, சோதனைப் பிரிவினர்