உறை மாட்டினால் மட்டும் போதாது

ஆசிரியருக்கு,

பக்கவாத மறுவாழ்வு பற்றிய தங்கள் கட்டுரை, நல்ல கையைக் கட்டிவைத்தாலே பலவீனமான கை மீளும் என்ற எண்ணத்தைத் தருகிறது. 2006இல் வெளியான அமெரிக்காவின் 'எக்ஸைட்' ஆய்வில், பக்கவாதம் வந்து 3 முதல் 9 மாதங்களான 222 பேர் பங்கேற்றனர். சிகிச்சை பெற்ற குழுவினர் இரண்டு வாரம், விழித்திருக்கும் நேரத்தில் 90 சதவீதம் நல்ல கையில் உறை அணிய வேண்டும். அதோடு வார நாள்களில் தினமும் 6 மணி நேரம் வரை பலவீனமான கைக்குப் படிப்படியாகக் கடினமாகும் பயிற்சி உண்டு. ஓராண்டுக்குப் பிறகும் முன்னேற்றம் நிலைத்தது. இத்தகைய சிகிச்சைக்குப் பின் மூளைப் புறணியில் அக்கைக்கான பகுதி விரிவதையும் வேறு ஆய்வுகள் பதிவுசெய்துள்ளன.

வீடுகளில் இயன்முறை மருத்துவர்கள் காண்பதோ வேறு: உறை இருக்கிறது, பயிற்சி இல்லை, சோற்றை உறவினர் ஊட்டிவிடுகிறார். மணிக்கட்டையும் விரல்களையும் 10 பாகையாவது நிமிர்த்த முடியாதவருக்கு இம்முறை பொருந்தாது. பக்கவாதம் வந்த முதல் சில வாரங்களில் அளவுமீறிய பயிற்சி மீட்சியைக் குறைக்கவும்கூடும். எனவே 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வரும் இயன்முறை மருத்துவர்கள் முதலில் இந்தப் பாகையை அளந்து, தகுதியுள்ளவருக்கு டம்ளர் எடுப்பது, பொத்தான் மாட்டுவது போன்ற அன்றாட வேலைகளைப் பயிற்சியாக எழுதித் தரலாம். குளிக்கும்போதும் ஊன்றுகோலுடன் நடக்கும்போதும் உறையைக் கழற்ற வேண்டும் என்பதையும் அத்தாளில் குறிப்பிட வேண்டும்.