தங்கத்தில் இருக்கும் கம்

அன்புள்ள மகளுக்கு,

போன வாரம் பேசும்போது நீ கேட்டதற்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. "கம் என்கிற எழுத்துக்கு அர்த்தமே இல்லையேப்பா. ஒலிக்குத்தான் சக்தி என்றால் செல்போனில் ஓடவிட்டாலே போதாதா? அதிலும் மனசுக்குள் சொல்வதுதான் உயர்ந்தது என்கிறார்கள். அங்கே ஒலியே இல்லையே?" என்று கேட்டாய். இந்தக் கேள்வி என்னையும் பல வருஷம் குடைந்திருக்கிறது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் அந்த எழுத்தையே பார்ப்போம். ஓம் கம் கணபதயே நமஹ. இதில் 'கணபதயே' என்றால் கணபதிக்கு, 'நமஹ' என்றால் வணக்கம். இரண்டுக்கும் பொருள் உண்டு. நடுவில் நிற்கும் கம் மட்டும் இங்கே பெயர்ச்சொல்லாகவோ வினைச்சொல்லாகவோ நின்று பொருள் தருவதில்லை. அதைத்தான் பீஜம், அதாவது விதை என்கிறார்கள். கணபதி அதர்வசீர்ஷத்தில் இந்த விதையை எப்படிச் செய்வது என்று ஒரு சமையல் குறிப்பு மாதிரியே சொல்லியிருக்கிறது. 'கண' என்ற சொல்லின் முதல் ஒலியை முதலில் சொல். எழுத்துகளுக்கெல்லாம் முதலான அகரத்தை அடுத்துச் சொல். அதற்குப் பிறகு அனுஸ்வாரம் என்கிற மூக்கொலி, அதன்மேல் பிறை, எல்லாவற்றோடும் ஓங்காரம் சேரட்டும். இதைச் சொன்ன பிறகு இன்னொரு தடவை எண்ணிக்காட்டுகிறது: ககரம் முன் வடிவம், அகரம் நடு வடிவம், அனுஸ்வாரம் கடை வடிவம், விந்து என்கிற புள்ளி அதற்கும் மேலான வடிவம், இவற்றை இணைப்பது நாதம்.

கவனித்தாயா, ஒரே அசைதான். அதில் ஐந்து இடங்களைப் பிரித்துக் காட்டுகிறார்கள். பொருள் என்ன என்ற பேச்சே இல்லை. எங்கே தொடங்கி எங்கே போய் அடங்குகிறது என்பது மட்டும்தான் பேச்சு. அப்படியானால் ஒவ்வோர் இடத்தையும் சரியாகத் தொட்டாக வேண்டும். நான் சறுக்கியதும் இங்கேதான்.

தமிழில் அச்சிட்ட ஒரு சின்னப் புத்தகத்தைப் பார்த்துத்தான் நான் இந்த மந்திரத்தைத் தொடங்கினேன். நம் எழுத்தில் ககரம் ஒன்றுதானே. சொல்லின் முதலில் வந்தால் அதை அழுத்தித்தான் சொல்வோம். கல், கண், கடல். அதே பழக்கத்தில் கம்மையும் அழுத்தியே நாலைந்து வருஷம் சொல்லிவந்தேன். ஒருநாள் எனக்குக் கற்றுக்கொடுக்க முன்வந்த பெரியவர் ஒருவர், "எங்கே, ஒருதரம் சொல்லுங்கள்" என்றார். சொன்னேன். என் கையை எடுத்து என் தொண்டையிலேயே வைத்து, "பக்கம் என்று சொல்லுங்கள். இப்போது தங்கம் என்று சொல்லுங்கள். உங்களுக்கு வேண்டியது தங்கத்தில் இருக்கிற கம்" என்றார்.

நீயும் செய்து பார். இரண்டு விரலை குரல்வளை மேல் லேசாக வை. 'பக்கம்' சொல்லும்போது 'க்க' வருகிற இடத்தில் தொண்டை அதிர்வது ஒரு கணம் நின்றுபோகும், பிறகு மறுபடி தொடங்கும். 'தங்கம்' சொல்லும்போது அது நிற்கவே நிற்காது. 'தங்' என்பதை வாய்க்குள் மெதுவாக முழுங்கிவிட்டு மிச்சத்தை மட்டும் வெளியே விடு. அதுதான் கணபதியின் பீஜம். முதல் ஒலியிலேயே குரல் பிறந்துவிடுகிறது, கடைசி வரை அறுவதில்லை. நான் சொல்லிக்கொண்டிருந்ததில் காற்றுதான் முதலில் வந்தது, குரல் பின்னால் வந்தது. வடமொழிக் கணக்கில் அது வேறோர் எழுத்து, அவ்வளவுதான். அதற்காக ஏதோ கெடுதல் நடந்துவிட்டது என்று நான் நினைக்கவில்லை, நீயும் பயப்படாதே. ஆனால் ஒலியையே நம்பி நிற்கிற ஒன்றில் ஒலியை மாற்றிவிட்டால் கையில் மிச்சம் என்ன இருக்கிறது, சொல்.

அடுத்தது முடிவு. அவசரத்தில் எல்லோரும் மகர ஒற்றைக் கடித்துத் துப்பிவிடுகிறோம். நூற்றெட்டையும் சீக்கிரம் முடிக்கிற வேகத்தில் கம் கம் கம் என்று தாளம் தட்டுகிற மாதிரி ஆகிவிடும். அந்தப் பெரியவர் சொன்னது: உதடுகள் ஒட்டுவது தெரியாமல் ஒட்டட்டும், ஒட்டிய பிறகு ஒலி மூக்குக்கு ஏறட்டும், ஏறியதை நீங்கள் நிறுத்தாதீர்கள், அதுவே தேயட்டும். ஏன் இத்தனை அக்கறை என்றால், சக்தி வழிபாட்டைச் சொல்லும் சாக்த நூல்களில் பீஜத்தின் சரக்கே இந்தத் தேய்மானத்தில்தான் இருக்கிறது. விந்துவுக்கு அரை மாத்திரை, அதன் மேலுள்ள பிறைக்குக் கால், அடுத்ததற்கு அரைக்கால், இப்படிப் பாதி பாதியாகக் குறைந்துகொண்டே போய் 256-இல் ஒரு பங்கு மாத்திரை வரை கணக்குச் சொல்கிறார்கள். அதற்கும் அப்பால் உள்ளது உன்மனை, மனம் கடந்த நிலை. அது அளவுக்கு வெளியே என்பது சாக்த உரைகாரரான பாஸ்கரராயர் போன்றவர்களின் கருத்து. மாத்திரை என்பது கண் இமைக்கிற நேரம் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பாய். அதில் 256-இல் ஒரு பங்கை எந்த வாயும் உச்சரிக்க முடியாது, எந்தக் காதும் பிரித்துக் கேட்க முடியாது. ஆகவே அது உச்சரிக்கச் சொல்லி வந்த அளவு அல்ல. ஒலி போகிற வழியிலேயே கவனத்தைக் கூட அனுப்புவதற்காக நட்டுவைத்த கைகாட்டிகள் அவை. இந்த இடம் எனக்குப் புரிந்த அன்றுதான் உன் மூன்றாவது கேள்விக்கும் வழி திறந்தது.

சைவ சித்தாந்தத்தில் வாக்கு நான்கு என்பார்கள். மற்றவர் காதில் விழும்படி பேசுவது வைகரி. சொல்பவருக்கு மட்டும் உள்ளே கேட்பது மத்திமை. கடைக்குப் போகும்போது வாங்க வேண்டியதை மனசுக்குள் சொல்லிக்கொண்டே போகிறோமே, எழுத்தெல்லாம் வரிசையாகத்தான் இருக்கும், சத்தம் மட்டும் இராது, அதுதான். அதற்கும் உள்ளே பைசந்தி. அங்கே எழுத்து எழுத்தாகப் பிரியவில்லை. மயில் முட்டைக்குள் இருக்கும் நீரில் தோகையின் நிறங்களெல்லாம் ஒன்றாய்க் கரைந்து கிடப்பதுபோல என்று அதற்கு உவமை சொல்வார்கள். எல்லாவற்றுக்கும் அடியில் சூக்குமை. இந்த நான்குக்கும் மூலம் விந்து. முன்பு சொன்ன புள்ளியை இங்கே சொல்லவில்லை, சுத்தமாயை என்கிற தூய மூலப்பொருளுக்குச் சித்தாந்தத்தில் அதே பெயர். சொல்லுலகமும் பொருளுலகமும் அந்த ஒரே விந்துவிலிருந்துதான் விரிகின்றன என்பது சித்தாந்தம். ஒலிக்குச் சக்தி உண்டு என்று நம்புவதற்கு அவர்கள் காட்டும் ஆணிவேரான காரணம் இதுதான். நாற்காலி என்ற சொல், நாற்காலி செய்து முடித்த பிறகு நாம் ஒட்டிய பெயர்ச்சீட்டு. பீஜத்தை அவர்கள் அப்படிப் பார்க்கவில்லை. பொருளும் சொல்லும் பிரிவதற்கு முந்தைய இடத்துக்கு மிகப் பக்கத்தில் நிற்கிற ஒலி அது. அர்த்தம் என்பது பிரிந்த பிறகு வருகிற சங்கதி. ஆகவே பீஜத்துக்கு அர்த்தம் இல்லாமல் இருப்பதை அவர்கள் குறையாக எண்ணவில்லை, அப்படித்தான் இருந்தாக வேண்டும் என்கிறார்கள்.

இப்போது மனு சொல்லும் கணக்கைப் பார். வேள்வியைவிட வாய்விட்டுச் செய்யும் ஜபம் பத்து மடங்கு, பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்காமல் உதட்டளவில் சொல்வது நூறு மடங்கு, மனத்தால் செய்வது ஆயிரம் மடங்கு. ஒலி என்றால் காற்றின் அதிர்வு என்று மட்டும் எடுத்துக்கொண்டால் இது தலைகீழாகத்தான் தெரியும். அவர்கள் ஒலி என்று சொல்வது வைகரியில் தொடங்கி உள்நோக்கிப் போகிற முழு நீளத்தையும். சத்தம் குறையக் குறைய நாம் அதன் ஊற்றுக்கண்ணை நெருங்குகிறோம். செல்போனில் ஓடுவது வைகரி மட்டும்தான். அதற்கு உள்ளே போக இடமில்லை. கேட்டுச் சரியாகப் பழகிக்கொள்ள அது உதவும், உனக்குப் பதிலாக ஜபம் செய்யாது.

இது ஏதோ வடக்கிலிருந்து வந்த சரக்கு என்று ஒதுக்கிவிடாதே. தொல்காப்பியத்தில் பிறப்பியலை எடுத்துப் பார். உந்தியிலிருந்து காற்று எழுந்து நெஞ்சு, மிடறு, தலை என்று நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் பட்டு எழுத்தாவதைச் சொல்லிக்கொண்டே வந்தவர், கடைசியில் ஒரு வேலி போடுகிறார். உள்ளே எழுகிற வளியிசையை அளந்து காண்பது அந்தணர் மறையில் உள்ளது, அதை நான் இங்கே சொல்லவில்லை, வெளியே வந்து ஒலிப்பதன் அளவை மட்டுமே சொன்னேன் என்கிறார். எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் மெய் சிலிர்க்கும். உள்ளே ஓர் ஒலி உண்டு, அதற்கும் அளவு உண்டு என்று அவ்வளவு பழைய இலக்கணக்காரருக்குத் தெரிந்திருக்கிறது. தன் வேலை எதுவரை என்பதும் தெரிந்திருக்கிறது.

இதற்கெல்லாம் ஆராய்ச்சி உண்டா என்று நீ கேட்பாய். ஒன்று சொல்கிறேன். 2001-இல் இத்தாலியில் லூசியானோ பெர்னார்டியும் உடனிருந்தவர்களும் 23 பேரை வைத்துப் பார்த்தார்கள். லத்தீனில் மரியன்னை ஜெபமாலை சொன்னபோதும் 'ஓம் மணி பத்மே' மந்திரம் சொன்னபோதும் மூச்சு நிமிடத்துக்கு ஆறு என்ற அளவுக்கு நிதானப்பட்டது, இதயத் துடிப்பின் ஏற்ற இறக்கமும் அதோடு இசைந்தது. இதை மந்திரத்துக்குக் கிடைத்த சான்றிதழாகச் சிலர் காட்டுகிறார்கள். அது நேர்மை இல்லை என்பது என் எண்ணம். இரண்டிலும் ஒரே பலன் என்றால் அந்தப் பலன் ஒரு மூச்சில் ஒரு தடவை சொல்லும் தாளத்தால் வந்தது, குறிப்பிட்ட எழுத்தால் வந்ததல்ல. இந்த எழுத்துதான் வேண்டும், வேறு கூடாது என்பதை அந்தச் சோதனை தொடவே இல்லை. அதை நான் மரபின் சொல்லாகத்தான் வைத்திருக்கிறேன், உனக்கும் அப்படியே தருகிறேன்.

சரி, நீ தொடங்குவதாக இருந்தால் இப்படிச் செய். நூற்றெட்டை ஒரேயடியாக மனசுக்குள் ஆரம்பிக்காதே. முதல் இருபத்தேழை வாய்விட்டுச் சொல், விரல் தொண்டையில் இருக்கட்டும். அடுத்த இருபத்தேழுக்கு உதடு மட்டும் அசையட்டும். அப்புறம் மிச்சத்தை உள்ளே வைத்துக்கொள். மூச்சு வெளியே போகிற ஒவ்வொரு தடவைக்கும் ஒன்று என்றால் போதும். உள்ளே சொல்லும்போது அடி நாக்கைக் கவனி. நாம் மனசுக்குள் சொல்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருப்போம், அது அங்கே ககரத்துக்காக மேலே எழும்பி எழும்பி இறங்கும். அரைமணி கழித்துத் தொண்டை காய்ந்து கனத்தால் அதுதான் காரணம். அதை அடக்கப் பார்க்காதே, இன்னும் இறுகும். திரும்ப வாய்விட்டுப் பத்து தடவை சொல்லிவிட்டு, கடைசி கம்மின் மூக்கொலி தேயும்போது வேறெதையும் சொல்லாமல் அதோடேயே உள்ளே போ. நாக்கு தானாகக் கிடந்துவிடும். எனக்கு அது பிடிபட ஒரு மழைக்காலம் முழுக்க ஆயிற்று.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. முதலில் ஒரு தடவை சொல்லிக் காட்டு, பக்கமா தங்கமா என்று கேட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா