பெட்டிக்கு முன்பணம் கொடுக்கும் முன்

அன்புள்ள முத்து,

இத்தனை மாதம் எழுதாததற்கு நீ திட்டுவதை முன்கூட்டியே வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் நலம். சின்னவளுக்குப் பையன் பிறந்திருக்கிறான். மூக்கு அப்படியே நம் சங்கரன் மூக்கு. அவனிடம் சொல்லித் தொலைக்காதே.

அவசரமாக எழுதக் காரணம் நீ அனுப்பிய தேனீ வளர்ப்புக் கட்டுரைதான். அதை நம்பி தோப்பில் இருபது பெட்டி வைக்கப் போகிறாயாம், மதினி போனில் புலம்பினாள். பொறுடா. நிதானமாகப் படித்துப் பார்த்தேன். நடை நன்றாக இருக்கிறது, படங்கள் பளபளக்கின்றன. ஆனால் எழுதியவர் அடுக்குத் தேனீப் பெட்டி ஒன்றைத் திறந்து பார்த்தவராக எனக்குத் தெரியவில்லை.

நம்மூர் அடுக்குத் தேனீயை வளர்க்கச் சொல்கிறார், சரி. அடுத்த பக்கத்திலேயே சட்டங்களில் ஒட்டியிருக்கும் தேனீப் பிசினைச் சுரண்டி விற்றால் தனி வருமானம் என்கிறார். அடுக்குத் தேனீ அந்தப் பிசினைச் சேர்ப்பதே இல்லை. மரத்துப் பிசினைக் கொண்டுவந்து சந்து பொந்தெல்லாம் அடைப்பது இத்தாலியத் தேனீயின் வழக்கம். அரை மணி நேரம் பெட்டிக்குள் கை விட்டவன் இந்த வரியை எழுதவே மாட்டான்.

அப்புறம் உண்ணி. அதற்கு மருந்துப் பட்டை தொங்கவிடுவது பற்றி ஒரு பக்கம். அந்த உண்ணி ஆதியிலிருந்தே அடுக்குத் தேனீயோடு வாழ்ந்தது. பெரும்பாலும் ஆண் தேனீக்களின் அறைகளில்தான் பெருகும். வேலைக்காரத் தேனீக்களும் அதைப் பிடித்துக் கடித்து எறியும். அதனால் பொதுவாகக் கூட்டம் அழிவதில்லை. அதனிடம் சிக்கிச் சாவது இத்தாலியத் தேனீ. நம் பக்கத்தில் நடந்தது வேறு. 1991, 92-இல் தாய்லாந்து பை நோய் வந்து புழுவெல்லாம் தண்ணீர்ப் பை மாதிரி ஊதிச் செத்தது உனக்கு நினைவிருக்கும். மார்த்தாண்டத்தில் வரிசை வரிசையாகப் பெட்டிகள் காலியாகிக் கிடந்தன. இந்தத் தொழிலில் இருப்பவனால் அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. கட்டுரையில் ஒரு வார்த்தை இல்லை. ஆக, இத்தாலியத் தேனீக்கு யாரோ எங்கோ எழுதியதை எடுத்து, பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார். பெட்டிக்கு வருஷத்துக்கு நாற்பது கிலோ என்ற கணக்கும் அங்கிருந்து வந்ததுதான். அடுக்குத் தேனீ ரப்பர் தோட்டத்தில் நல்ல வருஷத்தில் பத்து கிலோவை ஒட்டித் தரும். தென்னையில் அதுவும் சந்தேகம்.

எனக்குச் சிரிப்பு வந்த இடம் ஒன்று: ‘ரப்பர் பூக்கும்போது தேன் கொட்டும்’. ரப்பர் தேன் பூவிலிருந்து வருவதில்லையப்பா. இலை உதிர்த்து, தை மாசி வாக்கில் தளிர் விடும்போது, இலைக்காம்பு நுனியில் கசியும் இனிப்பு நீரைத்தான் தேனீ எடுக்கிறது. குலசேகரத்தில் எந்தத் தேன்காரரைக் கேட்டாலும் தளிரைக் காட்டுவார்.

இதையெல்லாம் விட என்னை உறுத்தியது அவர் சொல்லாமல் விட்டது. தேன் எடுக்கும் இரண்டு மூன்று மாதத்தைப் பற்றியே எழுதுகிறார். மழைக்காலத்தில் பூவும் தளிரும் இல்லாதபோது என்ன செய்வதென்று இல்லை. அப்போது சர்க்கரையும் தண்ணீரும் சரிசமம் காய்ச்சி ஆறவைத்துப் பாகு ஊற்ற வேண்டும், மெழுகுப் பூச்சி நூல் கட்டிய பழைய அடையை வெட்டி எடுக்க வேண்டும், பெட்டிக் காலுக்கு எறும்புக் கிண்ணம் வைக்க வேண்டும். விட்டால் கூட்டம் மொத்தமாகக் கிளம்பிப் போய்விடும். வெறும் பெட்டிதான் மிஞ்சும்.

ஒன்று செய். கட்டுரைக்குக் கீழே அவர் தொலைபேசி எண் இருக்கிறதே, கூப்பிடு. லாபத்தைக் கேட்காதே. ‘போன ஆனியில் இருந்த கூட்டங்களில் கார்த்திகையில் எத்தனை மிச்சம்?’ என்று கேள். வளர்ப்பவர் பெருமூச்சு விட்டு ஒரு எண்ணிக்கை சொல்வார், ஏன் போனதென்றும் சொல்வார். ‘கூட்டம் ஓடப் போகிறதென்று முன்னாலேயே எப்படித் தெரியும்?’ என்றும் கேள். ராணி முட்டை வைப்பதை நிறுத்தும், மகரந்தம் தூக்கி வருவது குறையும், அடையில் புழுவே இருக்காது. இவை வரவில்லை, பேச்சு பெட்டி விலைக்குத் தாவுகிறது என்றால் போனை வைத்துவிடு.

என்னையும் முழுக்க நம்பாதே. நான் பார்த்ததெல்லாம் ரப்பர் நாட்டுத் தேனீ. உன் தென்காசிக் காற்றுக்கும் தென்னைக்கும் என் கணக்கு ஒத்துவராது. உன் பக்கத்திலேயே தோப்பில் நாலைந்து வருஷம் பெட்டி வைத்திருப்பவர் யாராவது இருப்பார். நன்றாக எழுதத் தெரியாதவராகக்கூட இருக்கலாம். அவர் பெட்டியை ஐப்பசி மழையில் போய்ப் பார்த்துவிட்டு வா. அதுவரை இரண்டு பெட்டி போதும்.

முன்பணம் ஏற்கெனவே கொடுத்துவிட்டாயா? உண்மையைச் சொல். மதினிக்கு நான் சொல்ல மாட்டேன்.

உன்,
தாசன்